லாட் எத்தனை? ஆப்ஷன் விற்பவருக்குக் கெல்லி போடும் கணக்கு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. தேர்தலுக்குப் பிந்தைய கணிப்புகள் தந்த உற்சாகத்தில் நிஃப்டி மூன்று சதவீதத்துக்கும் மேல் ஏறி 23,263.90 புள்ளியில் முடிந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை. நண்பகல் வேளைக்குள் நிஃப்டி 21,281 வரை இறங்கிவிட்டது. கொஞ்சம் மீண்டு அன்றைய தினம் 21,884.50-இல் முடிந்தபோதும் ஒரே நாளில் 1,379 புள்ளி போயிருந்தது. கிட்டத்தட்ட 6 சதவீதம்.

அந்த வாரத்து ஆப்ஷன்களின் எக்ஸ்பைரி ஜூன் 6, வியாழக்கிழமை. அன்று நிஃப்டி 22,821-இல் முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை 22,800 புட் ஆப்ஷனை விற்றிருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். நிஃப்டி 22,800-க்குக் கீழே முடிந்தால்தான் அவர் பணம் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை அது அதற்கு மேலே முடிந்துவிட்டது. ஆக, காகிதத்தில் அவர் வென்றார், வாங்கிய பிரீமியம் முழுதும் அவருக்கே. ஆனால் செவ்வாய்க்கிழமை நண்பகலில் அதே புட் 1,500 புள்ளிக்கு மேல் மதிப்புள்ளதாக அவருக்கு எதிராக நின்றது. மார்ஜினுக்குக் கூடுதல் பணம் கட்ட முடியாதவர்களின் பொசிஷனை புரோக்கர் அங்கேயே முடித்துவிடுவார். வியாழக்கிழமை வரை தாக்குப்பிடித்தவருக்கு லாபம், செவ்வாயன்றே வெளியேற்றப்பட்டவருக்குப் பல மாதச் சம்பாத்தியம் காலி. இரண்டு பேரும் எடுத்தது ஒரே டிரேடு. வித்தியாசம் எத்தனை லாட் விற்றார்கள் என்பதில் மட்டுமே.

ஆப்ஷன் வகுப்புகளில் எந்த ஸ்ட்ரைக், எந்த நாள், எந்த இண்டிகேட்டர் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். எத்தனை லாட் என்ற கேள்விக்கு வரும்போது, மார்ஜின் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு என்று முடித்துவிடுவார்கள். என் பார்வையில் பணம் அழிவது பெரும்பாலும் அங்கேதான். இந்தக் கேள்விக்கென்றே எழுபது ஆண்டு பழைய ஒரு கணக்கு இருக்கிறது. அதை அப்படியே எடுத்து ஆப்ஷனில் போட்டால் ஆபத்து. நிதானத்தோடு போட்டால் அது சொல்லும் விடை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

தொலைபேசி ஆய்வகத்திலிருந்து வந்த சூத்திரம்

ஜான் கெல்லி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். தொலைபேசிக் கம்பியில் தகவல் எவ்வளவு வேகமாகப் போகும் என்ற ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த ஒரு கட்டுரையை 1956-இல் வெளியிட்டார். முடிவு பற்றிய துப்பு முன்கூட்டியே கிடைக்கும் ஒரு சூதாடி, கையில் உள்ள பணத்தில் எத்தனை பங்கைப் பந்தயமாக வைக்க வேண்டும் என்பதே அதில் இருந்த கேள்வி. எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் அதைச் சீட்டாட்ட மேசைக்கும், பிறகு பங்குச் சந்தைக்கும் கொண்டுபோனார்.

கெல்லியின் கருத்தை ஒரு நாணயத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். தலை விழுந்தால் வைத்த பணத்தைப் போல இரு மடங்கு லாபம், பூ விழுந்தால் வைத்தது போச்சு. இரண்டுக்கும் சம வாய்ப்பு. உங்களுக்குச் சாதகமான ஆட்டம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் மொத்தப் பணத்தையும் வைத்தால் முதல் பூவிலேயே ஆட்டம் முடிந்துவிடும். கையிருப்பில் கால் பங்கை வைத்தால் வெற்றியில் பணம் 1.5 மடங்காகும், தோல்வியில் 0.75 மடங்காகும். ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் வந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள், 1.125. அதாவது பன்னிரண்டரை சதவீத வளர்ச்சி. பாதியை வைத்தால் 2 மடங்கு, பிறகு 0.5 மடங்கு. பெருக்கினால் 1, அதாவது வளர்ச்சியே இல்லை. அறுபது சதவீதம் வைத்தால் 2.2-ஐ 0.4-ஆல் பெருக்க 0.88. சாதகமான ஆட்டத்தை ஆடி ஆடியே ஆண்டியாகலாம்.

பணம் கூட்டல் முறையில் வளர்வதில்லை, பெருக்கல் முறையில் வளர்கிறது. அந்தப் பெருக்கலை மிகுதியாக்கும் பங்கே கெல்லி பங்கு. இரண்டே முடிவுகள் உள்ள ஆட்டத்துக்கு அதன் சூத்திரம் சிறியது: f = p − q/b. இதில் p வெற்றி வாய்ப்பு, q தோல்வி வாய்ப்பு, b என்பது ஒரு ரூபாய் இழப்புக்கு எதிரே கிடைக்கும் லாபம். நம் நாணயத்துக்கு 0.5 − 0.5/2 = 0.25. அதே கால் பங்கு.

நாணய ஆட்டத்தில் p-யும் b-யும் நமக்குத் தெரியும். ஆப்ஷனில் இரண்டுமே நம் ஊகம். அதிலும் லாபமும் நஷ்டமும் ஒரே அளவில் வராமல், ஒரு பக்கம் சிறுசிறு லாபங்களும் மறுபக்கம் எப்போதாவது ஒரு மாபெரும் நஷ்டமுமாகச் சாய்ந்து கிடக்கும் டிரேடுகளில் சூத்திரம் நம்மைக் கவிழ்க்கும் விதமே தனி.

இரண்டாண்டு டைரி சொல்லும் பொய்

ஒரு உதாரணக் கணக்கைப் போடுவோம். நிஃப்டி 24,000-இல் இருக்கிறது. வாரா வாரம் 400 புள்ளி கீழே உள்ள 23,600 புட்டை 40 புள்ளி பிரீமியத்துக்கு ஒருவர் விற்கிறார். ஹெட்ஜ் எதுவும் இல்லை. ஒரு லாட் 75 என்று வைத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் நிஃப்டி லாட் 25-இலிருந்து 75 ஆனது, அவ்வப்போது இந்த எண் மாறும். எனவே நீங்கள் கணக்குப் போடும் நாளில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவருடைய டைரியில் 100 வாரம் இருக்கிறது. அதில் 93 வாரம் முழு பிரீமியமும் கிடைத்தது. 7 வாரம் சராசரியாக 150 புள்ளி நஷ்டம். இதைச் சூத்திரத்தில் போடுகிறார். b என்பது 40/150, அதாவது 0.267. விடை 0.67. 150 புள்ளி நஷ்டம் வந்தால் மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கு போகும் அளவுக்கு விற்கலாம் என்கிறது சூத்திரம். ரூபாயில் சொன்னால், லாட்டுக்கு ரூ.17,000 மூலதனம் போதும்! நல்ல வேளையாக எக்ஸ்சேஞ்ச் அதற்கு விடாது, பல மடங்கு மார்ஜின் கேட்கும். ஆனால் சூத்திரம் மட்டுமே பேசியிருந்தால் இதுதான் அதன் அறிவுரை.

டைரியில் இல்லாத ஒன்று இருக்கிறது. 2024 ஜூன் 4 போன்ற நாள் அதில் இல்லை. 2020 மார்ச் 23-இல் கொரோனா அச்சத்தில் நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது போன்ற நாளும் இல்லை. நூறு வாரத்தில் ஒரு முறை 1,400 புள்ளி நஷ்டம் வரும் என்று சேர்த்துப் பார்ப்போம். இப்போது மூன்று முடிவுகள்: 92 சதவீதம் 40 புள்ளி லாபம், 7 சதவீதம் 150 புள்ளி நஷ்டம், 1 சதவீதம் 1,400 புள்ளி நஷ்டம். சராசரியாக வாரத்துக்கு 12 புள்ளி லாபம் இன்னும் மிஞ்சுகிறது, டிரேடு சாதகமானதுதான்.

மூன்று முடிவு என்றானதும் சிறிய சூத்திரம் பயன்படாது. எக்செல் போன்ற ஒரு ஷீட்டில் இந்த ஒரு வரியைப் போட்டு, g என்ற எண்ணை மாற்றி மாற்றி, விடை எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்:

```
=0.92*LN(1+40*g)+0.07*LN(1-150*g)+0.01*LN(1-1400*g)
```

இதில் g என்பது ஒரு புள்ளி அசைந்தால் மூலதனத்தில் எவ்வளவு பங்கு அசையும் என்பது. உச்சம் வருவது 0.00032 அருகில். அதை ரூபாயாக்கினால் ஒரு லாட்டுக்கு ரூ.2,35,000 மூலதனம் தேவை. ரூ.17,000 எங்கே, ரூ.2,35,000 எங்கே! பதினான்கு மடங்கு. நூற்றில் ஒரே ஒரு வாரத்தைச் சேர்த்ததற்கு இந்த மாற்றம்.

இந்த இடத்தில் இன்னொரு குறுக்குவழியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சராசரி லாபத்தை அதன் ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கெல்லி பங்கு கிடைத்துவிடும் என்று சில புத்தகங்கள் சொல்லும். இரு பக்கமும் சமமாக ஆடும் முதலீட்டுக்கு அது ஏறக்குறையச் சரி. நம் புட் டிரேடுக்கு அதைப் போட்டால் சரியான அளவைவிட 70 சதவீதம் கூடுதலாக விற்கச் சொல்கிறது, பெரிய நஷ்டம் வந்தால் மூலதனத்தில் 77 சதவீதம் போய்விடும். சரியான கெல்லியில்கூட 45 சதவீதம் போகும் என்பதை மறந்துவிடாதீர்கள். கெல்லி பங்கு பாதுகாப்பான பங்கு அல்ல. அது வளர்ச்சியின் உச்சம் மட்டுமே, அந்த உச்சியிலிருந்து விழும் பள்ளமும் ஆழமானது.

பாதியில் நஷ்டம் குறைவு, இரட்டிப்பில் அழிவு

மேலே உள்ள எண்களை நம்பினால், முழு கெல்லி அளவில் விற்பவரின் பணம் நீண்ட காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 13 சதவீத வேகத்தில் வளரும். அதில் பாதி அளவு மட்டும் விற்பவருக்குச் சுமார் 9 சதவீதம். பாதி ஆபத்தை எடுத்தவருக்கு வளர்ச்சியில் 70 சதவீதம் மிஞ்சுகிறது. மோசமான வாரத்தில் அவர் இழப்பது 45 சதவீதத்துக்குப் பதில் 22 சதவீதம்.

இனி மறுபக்கம். இரு மடங்கு விற்றால் என்ன ஆகும்? ஏற்ற இறக்கம் சமமாக உள்ள முதலீட்டில் இரட்டைக் கெல்லி என்பது பூஜ்யம் வளர்ச்சி, இது பாடப்புத்தகக் கணக்கு. நம் சாய்ந்த டிரேடில் அது பூஜ்யத்தோடு நிற்கவில்லை. பணம் ஆண்டுக்கு 28 சதவீத வேகத்தில் கரைகிறது. நூறில் தொண்ணூற்றிரண்டு வாரம் லாபம் பார்த்துக்கொண்டே இப்படிக் கரையும் என்பதுதான் கொடுமை. ஆள் தன் திறமையைச் சந்தேகிக்கவே மாட்டார்.

கெல்லியை நிதானத்தோடு பயன்படுத்து என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இந்தச் சமமின்மையே காரணம். குறைவாக விற்றுத் தவறினால் கொஞ்சம் வளர்ச்சி போகும். கூடுதலாக விற்றுத் தவறினால் மூலதனமே போகும். எது சரியான அளவு என்று துல்லியமாகத் தெரியாதவர், தவறுவதானால் குறைவின் பக்கமே தவற வேண்டும்.

துல்லியமாகத் தெரியாது என்பதை எண்ணாலேயே காட்டலாம். பெரிய நஷ்டம் வரும் வாய்ப்பு 1 சதவீதம் என்று வைத்தோம். அதை 2 சதவீதம் ஆக்கி, லாப வாரங்களை 91 சதவீதம் என்று வையுங்கள். வாரச் சராசரி 12 புள்ளி லாபத்திலிருந்து 2 புள்ளி நஷ்டத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்போது கெல்லியின் விடை பூஜ்யம், ஒரு லாட்கூட விற்காதே என்பதுதான். அந்த வாய்ப்பு 1 சதவீதமா 2 சதவீதமா என்பதை அவருடைய டைரி சொல்லுமா? உண்மையில் 2 சதவீதமாகவே இருந்தாலும், நூறு வாரத்தில் ஒருமுறைகூட அது தலைகாட்டாமல் போக 13 சதவீத வாய்ப்பு உண்டு. ஏழெட்டுப் பேர் இதே டிரேடைச் செய்தால் அவர்களில் ஒருவர் இரண்டாண்டு அடி வாங்காமல் தப்பித்திருப்பார். யூடியூபில் பாடம் நடத்தப்போவது அவர்தான், அடி வாங்கியவர்கள் அல்ல.

எனவே சொந்த டைரியை மட்டும் வைத்து வெற்றி விகிதம் போடாதீர்கள். நிஃப்டியின் வார அசைவுகள் பல ஆண்டுகளுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. 2008, 2020, 2024 எல்லாம் உள்ளே இருக்கும்படி எடுத்து, உங்கள் ஸ்ட்ரைக் தூரத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். வார முடிவை மட்டும் பார்த்தாலும் போதாது. நடுவில் எவ்வளவு ஆழம் போனது என்பதையும் எடுக்க வேண்டும். ஜூன் 4-இல் பார்த்தோமே, வியாழக்கிழமை விலையில் அந்த நஷ்டம் தெரியவே தெரியாது.

ஆழத்துக்கு ஒரு தரை போடுவது

தெரியாத ஒரு எண் விடை முழுவதையும் ஆட்டிவைக்கிறது என்றால், அந்த எண்ணின் பிடியிலிருந்து டிரேடையே விடுவிப்பதுதான் முதல் வேலை. 23,600 புட்டை 40-க்கு விற்கும்போதே, 23,300 புட்டை 12 புள்ளிக்கு வாங்கிவிடுங்கள். கையில் மிஞ்சும் பிரீமியம் 28. நிஃப்டி எவ்வளவு ஆழம் போனாலும் நஷ்டம் இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடையிலுள்ள 300 புள்ளி, அதில் 28-ஐக் கழித்தால் 272. அதற்கு மேல் இல்லை. நிஃப்டி ஆப்ஷன் பணமாகவே தீர்க்கப்படுவது என்பதால் இந்த எல்லை நம்பத்தக்கது. தனிப் பங்குகளின் ஆப்ஷனில் எக்ஸ்பைரி அன்று பங்கையே கொடுக்கவோ வாங்கவோ வேண்டி வரும், அங்கே இதே நிம்மதி இல்லை.

இதில் ஒரு அழகு இருக்கிறது. 92, 7, 1 என்ற அதே வாய்ப்புகளைப் போட்டால் வாரச் சராசரி 12.3 புள்ளியிலிருந்து 11.7-க்குத்தான் இறங்குகிறது. நஷ்டத்தின் தரைக்குக் கொடுத்த விலை அரைப் புள்ளிதான். பெரிய நஷ்ட வாய்ப்பை 2 சதவீதம் ஆக்கினாலும் 8.7 புள்ளி லாபம் மிஞ்சுகிறது. ஹெட்ஜ் இல்லாத டிரேடு அதே இடத்தில் நஷ்டத்துக்குப் போய்விட்டது.

தரை போட்டாயிற்று, இனிக் கெல்லி சொல்வதைக் கேட்கலாமா? 92, 7, 1 என்று போட்டால் அது என்ன சொல்கிறது தெரியுமா? மோசமான வாரத்தில் மூலதனத்தின் 59 சதவீதம் போகும் அளவுக்கு விற்கச் சொல்கிறது. நஷ்டத்துக்கு எல்லை வந்ததும் சூத்திரத்துக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. நமக்கு அந்தத் துணிச்சல் கூடாது, ஏனென்றால் 92 என்ற எண்ணும் ஊகமே. நூறு வாரத்தில் 93 வென்றவரின் உண்மையான வெற்றி விகிதம் 88 ஆக இருக்கவும் இடமுண்டு. நூறு என்பது அவ்வளவு சிறிய சாம்பிள்.

ஆகவே நம் கணக்கை நாமே கொஞ்சம் மோசமாக்கிப் போடுவோம். 88 சதவீதம் லாபம், 10 சதவீதம் நடுத்தர நஷ்டம், 2 சதவீதம் முழு நஷ்டம். இப்போது கெல்லி சொல்லும் மோசமான வார இழப்பு 59 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்குகிறது. வெற்றி விகிதத்தை 86 ஆக்கினால் விடை பூஜ்யம். ஆறு சதவீத வித்தியாசத்துக்குள் "பாதிக்கு மேல் பணயம் வை" என்பதிலிருந்து "கிட்டவே போகாதே" வரை விடை ஓடுகிறது. வெற்றி விகிதம் அதிகமாகவும் லாபம் சிறியதாகவும் உள்ள டிரேடுகளுக்கே உரிய நோய் இது.

அடுத்தது செலவு. புரோக்கரேஜ், பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்த்து 2 புள்ளி என்று வையுங்கள். லாட்டுக்கு ரூ.150. பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் நம் சராசரி லாபமே 3 புள்ளிதான் இருந்தது. அதில் 2 போனால் 1. கெல்லியின் 15 சதவீதம் இப்போது ஐந்தரை சதவீதம்.

கடைசியாக அதில் பாதி எடுங்கள். 2.7 சதவீதம். ஒரு வாரத்தில் முழு நஷ்டம் வந்தாலும் மூலதனத்தில் இதற்கு மேல் போகக் கூடாது. லாட்டுக்கு முழு நஷ்டம் செலவோடு சேர்த்து 274 புள்ளி, ரூ.20,550. அதை 2.7 சதவீதத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு லாட்டுக்கு ஏறக்குறைய ரூ.7.5 லட்சம் மூலதனம் வேண்டும்.

பத்து லட்சம் வைத்திருப்பவருக்கு ஒரு லாட். ஆறு லட்சம் வைத்திருப்பவருக்குக் கணக்கு 0.8 லாட் என்று வரும். எக்ஸ்சேஞ்சில் 0.8 லாட் கிடையாது. அதை ஒன்றாக உயர்த்திக்கொள்வது இயல்பான ஆசை. எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும், அதாவது பூஜ்யம். சிறு முதலீட்டாளரின் தலைவலி இங்கேதான் இருக்கிறது. அவரால் எடுக்க முடிந்த மிகச் சிறிய டிரேடே அவருக்கான சரியான அளவைவிடப் பெரியது. ஒரு லட்சம் வைத்திருப்பவர் ஒரு லாட் விற்றால் நம் நிதானமான அளவைப் போல ஏழெட்டு மடங்கு விற்கிறார். பாதியாக்கும் முன் வந்த முழுக் கெல்லியோடு ஒப்பிட்டாலும் அது மூன்றரை மடங்குக்கு மேல். இரட்டிப்பே அழிவு என்று மேலே பார்த்தோம்.

வாங்குபவருக்கு மட்டும் சலுகை உண்டா?

ஆப்ஷனை வாங்குபவருக்குச் சாய்வு எதிர்ப்பக்கம் இருக்கிறது. பல முறை சிறு நஷ்டம், எப்போதாவது பெரிய லாபம். போட்டதற்கு மேல் போகாது என்பதால் தாராளமாக வாங்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். பத்து முறையில் ஒரு முறை, போட்ட ஒரு ரூபாய்க்கு 12 ரூபாய் லாபம் தரும் டிரேடு உங்களுக்குக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சராசரியில் 30 சதவீத லாபம், கனவு போன்ற டிரேடு. சூத்திரத்தில் போடுங்கள்: 0.1 − 0.9/12 = 0.025. மூலதனத்தில் இரண்டரை சதவீதம். லட்சத்துக்கு ரூ.2,500. வெற்றி வாய்ப்பு 10-க்குப் பதில் 8 சதவீதம் என்றால் லட்சத்துக்கு ரூ.330 மட்டுமே. தொடர்ந்து இருபது முறை தோற்க இந்த நல்ல டிரேடிலேயே 12 சதவீத வாய்ப்பு இருப்பதை நினைத்தால், சூத்திரம் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறது என்று புரியும். எக்ஸ்பைரி நாளில் கையிலுள்ள பணத்தில் பாதியைப் போட்டு ஹீரோ-ஜீரோ ஆடுபவருக்குக் கெல்லியின் விடை எவ்வளவு தொலைவில் இருக்கிறது பாருங்கள்.

ஒரே நாளில் விழும் பல டிரேடுகள்

இதுவரை ஒரே டிரேடைப் பற்றிப் பேசினோம். நிஃப்டியில் ஒரு லாட், பேங்க் நிஃப்டியில் ஒரு லாட், ரிலையன்ஸில் ஒன்று என்று தனித்தனியே 2.7 சதவீதம் ஒதுக்கினால் பிரித்து வைத்ததாகத் தோன்றும். சாதாரண வாரங்களில் அவை ஓரளவு தனித்தனியாக ஆடலாம். ஜூன் 4 போன்ற நாளில் எல்லாப் புட்டும் சேர்ந்தே ஏறும். கெல்லியின் கண்ணில் அவை மூன்று டிரேடல்ல, ஒன்றே. எனவே அந்த 2.7 சதவீதம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே.

மார்ஜினுக்காகப் பங்குகளை அடகு வைப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். புட் நஷ்டமாகும் அதே நாளில் அடகு வைத்த பங்கின் மதிப்பும் இறங்கும், புரோக்கர் கணக்கில் மார்ஜின் இரண்டு பக்கமும் குறையும். மூலதனம் என்று நீங்கள் எழுதும் எண், மோசமான நாளின் விலையில் போட்ட எண்ணாக இருக்க வேண்டும். சென்ற மாத ஸ்டேட்மென்டில் இருந்த எண் அல்ல.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் பலருக்குத் தொடக்கத்திலேயே சாதகமான டிரேடு இல்லை, அவர்களுக்குக் கெல்லியின் விடை முதல் நாளிலிருந்தே பூஜ்யம். உண்மையிலேயே சிறு சாதகம் இருந்தவர்களும் லாட் எண்ணிக்கையால் அதைத் தொலைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

அடுத்த எக்ஸ்பைரிக்கு ஆர்டர் போடும் முன் ஒரு ஷீட்டைத் திறந்து உங்கள் டிரேடின் மூன்று முடிவுகளையும் அவற்றின் வாய்ப்புகளையும் எழுதுங்கள். வெற்றி வாய்ப்பில் நான்கைக் குறையுங்கள், முழு நஷ்ட வாய்ப்பை இரட்டியுங்கள், செலவைக் கழியுங்கள், வரும் விடையில் பாதியை எடுங்கள். அது ஒரு லாட்டுக்குக் கீழே வந்தால் அந்த வாரம் ஆர்டர் போடாதீர்கள்.